தண்ணீர் இறங்கிய போனின் எஸ்டிமேட்டையும் தரவு இழப்பு எச்சரிக்கையையும் வாடிக்கையாளருக்குப் புரியும்படி தமிழில் எழுதுவது

கேள்வி: மொபைல் சர்வீஸ் சென்டரில் வாடிக்கையாளர்களிடம் பேசும் வேலையில் இருக்கிறேன். தண்ணீர் இறங்கி ஆன் ஆகாத ஒரு போனுக்கு டெக்னீஷியன் ஆங்கிலத்தில் எஸ்டிமேட் போட்டுக் கொடுத்திருக்கிறார். வயதான ஓர் அம்மாவுக்கு அதைத் தமிழில் எழுதித் தர வேண்டும். அதிலுள்ள ‘டேட்டா லாஸ்’ எச்சரிக்கையை எப்படி எழுதுவது? அவர் பயந்துவிடவும் கூடாது, பின்னால் ‘இதை நீங்கள் சொல்லவே இல்லையே’ என்று கேட்கவும் கூடாது.

பதில்:

வரிக்கு வரி தமிழாக்கத் தொடங்குவதற்கு முன் அந்தத் தாளை ஒருமுறை முழுவதும் படித்துப் பாருங்கள். தண்ணீர் இறங்கிய போனுக்குப் போடும் எஸ்டிமேட்டில் பெரும்பாலும் நடுவில் எங்கோ ‘போர்டு ரிப்பேர், முடியாவிட்டால் போர்டு ரீப்ளேஸ்மென்ட்’ என்று ஒரு வரி இருக்கும். தாளின் அடியில், சிறிய எழுத்தில், தரவு அழிந்தால் நிறுவனம் பொறுப்பல்ல என்ற வரி இருக்கும். இரண்டும் ஒரே விஷயத்தைப் பற்றியவை என்பது டெக்னீஷியனுக்குத் தெரியும், ஆகவே அவற்றைச் சேர்த்து எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றுவதில்லை. அந்த அம்மாவுக்கோ முதல் வரி செலவுக் கணக்காகவும், இரண்டாவது வரி எல்லாக் கடைகளிலும் அச்சடித்து வைத்திருக்கும் வழக்கமான வாசகமாகவும்தான் தெரியும். நீங்கள் எவ்வளவு நல்ல தமிழில் எழுதினாலும், இந்த இரண்டு வரிகளும் தனித்தனி இடங்களில் இருக்கும் வரை எச்சரிக்கை அவரைப் போய்ச் சேராது. எனவே உங்கள் முதல் வேலை, எந்த வேலையைச் செய்தால் எது அழியும் என்பதை ஒரே இடத்துக்குக் கொண்டுவருவது.

இதை எழுத, போர்டை மாற்றினால் படங்கள் ஏன் போய்விடுகின்றன என்பது உங்களுக்கே தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும், ஏனெனில் அவர் நிச்சயமாகக் கேட்கப்போகும் கேள்வி அதுதான். இன்றைய போன்களில் படங்களும் காணொளிகளும் போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும் ஒரு சிறிய சேமிப்புச் சிப்பில் இருக்கின்றன. அவை அப்படியே படிக்கக்கூடிய வடிவில் இல்லை, பூட்டப்பட்ட வடிவில் இருக்கின்றன. அந்தப் பூட்டைத் திறக்கும் சாவியின் ஒரு பகுதி அதே போர்டிலுள்ள பிராசஸருக்குள் பதிந்திருக்கிறது, அதை வெளியே எடுக்க முடியாது. மற்றொரு பகுதி வாடிக்கையாளர் வைத்திருக்கும் பாஸ்வேர்டிலிருந்து உருவாகிறது. ஒரு பெட்டிக்குள் படங்கள் இருக்கின்றன, அந்தப் பெட்டிக்கு உலகத்தில் ஒரே ஒரு சாவிதான், அந்தச் சாவியும் இந்தப் போர்டோடு ஒட்டியே இருக்கிறது என்று சொன்னால் அந்த அம்மாவுக்குப் புரியும். புதிய போர்டு போட்டால் வருவது வேறொரு காலிப் பெட்டியும் வேறொரு சாவியும்தான். பழைய போன்களில் சிப்பை மட்டும் கழற்றி வேறு கருவியில் வைத்துப் படிக்க முடிந்தது என்பதால், ‘சிப்பை எடுத்து அதிலிருந்து படங்களை எடுத்துத் தர மாட்டீர்களா?’ என்று அவருடைய உறவினர் யாராவது கேட்கக்கூடும். இப்போதைய போன்களில் அப்படி எடுத்தால் கிடைப்பது படிக்கவே முடியாத குப்பைதான் என்று அவருக்கு நேராகவே சொல்லிவிடலாம். பிராசஸரையும் சேமிப்புச் சிப்பையும் அவற்றோடு இணைந்தவற்றையும் சேர்த்துக் கழற்றி இன்னொரு போர்டுக்கு மாற்றும் முறை ஒன்று உண்டு. அது தரவு மீட்பையே தனித்தொழிலாகச் செய்பவர்களின் வேலை, சாதாரண எஸ்டிமேட்டுக்குள் வராது.

இதிலிருந்து, அந்த எஸ்டிமேட்டுக்குள் ஒரு தேர்வு ஒளிந்திருக்கிறது என்பது உங்களுக்குப் புலப்படும். போன் மறுபடி வேலை செய்ய வேண்டும் என்பது ஒரு நோக்கம், போனுக்குள் இருக்கும் படங்கள் வேண்டும் என்பது இன்னொரு நோக்கம். பழைய போர்டையே சுத்தம் செய்து, பழுதான பாகத்தை மட்டும் மாற்றி உயிர்கொடுக்க முடிந்தால் இரண்டும் கிடைக்கும். அது முடியாதபோது இரண்டும் பிரிந்துவிடுகின்றன: போர்டை மாற்றினால் போன் கிடைக்கும், படங்கள் கிடைக்கா. படங்கள்தான் வேண்டுமென்றால் போர்டை மாற்றச் செலவிடாமல், பழைய போர்டைப் பத்திரமாகத் திரும்பப் பெற்றுக்கொண்டு தரவு மீட்பு செய்பவரிடம் போக வேண்டும். இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது டெக்னீஷியனோ நீங்களோ முடிவு செய்ய வேண்டிய விஷயம் அன்று, அந்த அம்மாதான் முடிவு செய்ய வேண்டும். அவருக்கு அந்த வாய்ப்பைக் கொடுப்பதுதான் எச்சரிக்கை எழுதுவதன் பயன் என்று நான் நினைக்கிறேன். நிறுவனத்தைக் காப்பாற்றிக்கொள்வது அதன் பின்விளைவாகத் தானே நடக்கும்.

எழுத உட்காருவதற்கு முன் டெக்னீஷியனிடம் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த எஸ்டிமேட்டிலுள்ள ஒவ்வொரு வேலையிலும் படங்கள் அழிவது உறுதியா, அழிய வாய்ப்புண்டா, அல்லது அந்த வேலைக்கும் படங்களுக்கும் தொடர்பே இல்லையா என்பது முதல் கேள்வி. பழைய போர்டு ஆன் ஆகிவிட்டால், வேறு எந்த வேலைக்கும் முன்பாகப் படங்களை நகலெடுத்துத் தருவீர்களா என்பது இரண்டாவது. தண்ணீர் இறங்கிய போர்டில் உலோக இணைப்புகள் அரித்துக்கொண்டே இருக்கும் என்பதால், ஒருமுறை ஆன் ஆன போன் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ மறுபடி அணைந்துவிடுவது உண்டு. அதனால் ஆன் ஆனவுடன் நகலெடுப்பதா, எல்லா வேலையும் முடிந்த பிறகு நகலெடுப்பதா என்பது சிறிய வேறுபாடன்று. பாதியில் வேலையை நிறுத்தச் சொன்னால் போன் எந்த நிலையில் திரும்பி வரும், அப்போது எவ்வளவு கட்டணம் கொடுக்க வேண்டும் என்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் எழுதும் எச்சரிக்கை ‘எதுவும் நடக்கலாம்’ என்பதைத் தாண்டிப் போகாது.

அடுத்து அந்த அம்மாவிடம் கேட்க வேண்டியவை. இங்கே சில சொற்களில் கவனம் வேண்டும். ‘பேக்கப் இருக்கிறதா அம்மா?’ என்று கேட்டால், ‘இருக்கிறது, ஒரு நாள் முழுக்க நிற்கும்’ என்று பதில் வரும். பேக்கப் என்பது பலருக்கு பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதைத்தான் குறிக்கும். ‘ரீசெட்’ என்றால் போனை அணைத்து மறுபடி ஆன் செய்வது என்று எடுத்துக்கொள்வார்கள், ஆகவே ‘ரீசெட் செய்யட்டுமா?’ என்ற கேள்விக்குத் தயங்காமல் சரி என்று சொல்லிவிடுவார்கள். ரீசெட் செய்யும்போது அந்தப் பூட்டின் சாவியே அழிக்கப்படுவதால், அதன்பிறகு எவராலும் எதையும் மீட்க முடியாது. ‘மெமரி’ என்பது தனியே செருகிய மெமரி கார்டா, போனுக்குள்ளேயே இருக்கும் சேமிப்பா என்ற குழப்பமும் உண்டு. படங்கள் எல்லாம் சிம்மில் இருக்கின்றன என்று நம்புபவர்களும் இருக்கிறார்கள். சிம்மில் சில தொடர்பு எண்கள் இருக்கக்கூடும், படங்கள் இருப்பதில்லை. ஆகவே கேள்வியை இப்படி மாற்றுங்கள்: ‘இந்தப் போனில் எடுத்த படங்கள் வேறு எங்காவது இருக்கின்றனவா? பிள்ளைகள் யாராவது உங்கள் படங்களைக் கணினியிலோ கூகுள் கணக்கிலோ சேர்த்து வைத்திருக்கிறார்களா? போனுக்குள் சிறிய மெமரி கார்டு போட்டிருக்கிறீர்களா?’

மெமரி கார்டு இருந்தால் அதை உடனே கழற்றி, உலர்த்தி, அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். போனின் உள் சேமிப்போடு இணைத்துப் பயன்படுத்தும்படி அதை அமைத்திருந்தால் அது வேறு போனில் திறக்காது. கூகுள் கணக்கைப் பொறுத்தவரை, போன் ஆன் ஆகாத நிலையிலும் அதைச் சோதிக்க முடியும். சிம்மை வேறொரு போனில் போட்டு, சரிபார்ப்பு எண்ணைப் பெற்று, அவரோ அவருடைய பிள்ளையோ தம் கையாலேயே photos.google.com பக்கத்தில் உள்நுழைந்து பார்க்கலாம். அங்கே கடைசியாக ஏறியிருக்கும் படத்தின் தேதியைப் பாருங்கள். பேக்கப் ஆன் செய்திருக்கிறது என்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். இலவச இடம் நிறைந்துபோனதால் பல மாதங்களுக்கு முன்பே சேமிப்பு நின்றுபோயிருப்பதை யாரும் கவனிக்காமல் இருப்பது மிகச் சாதாரணம். படங்கள் எல்லாம் அங்கே இருந்துவிட்டால் உங்கள் எச்சரிக்கையின் பாரமே குறைந்துவிடும், அவரும் நிம்மதியாகப் போர்டை மாற்றச் சொல்லிவிடலாம்.

வாட்ஸ்அப்பில் மட்டும் ஒரு பொறி இருக்கிறது. அதே சிம்மை வைத்து மாற்றுப் போனில் அவசரத்துக்கு வாட்ஸ்அப்பைத் திறக்கும்போது, பழைய உரையாடல்களை மீட்டெடுக்கவா என்று அது கேட்கும். வேண்டாம் என்று தாண்டிப் போய்விட்டால், பிறகு அந்தப் போனிலிருந்து எடுக்கப்படும் புதிய பேக்கப், கணக்கிலிருந்த பழைய பேக்கப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். போன் திரும்பி வரும் வரை இதைச் செய்ய வேண்டாம் என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பது அவருக்குப் பெரிய உதவி.

இனி எழுதுவோம். டெக்னீஷியன் கொடுத்த தாளில் ஐந்து செலவு வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்: பரிசோதனைக் கட்டணம், போர்டைச் சுத்தம் செய்து பழுதுபார்ப்பது, தேவைப்பட்டால் டிஸ்ப்ளே, பேட்டரி, பழுதுபார்க்க முடியாவிட்டால் போர்டு மாற்றம். அடிக்குறிப்பில் தரவுக்குப் பொறுப்பில்லை, தண்ணீர்ச் சேதத்துக்கு வாரண்டி இல்லை, தண்ணீர் புகாத தன்மைக்கு உறுதியில்லை என்று மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> உங்கள் போனின் நிலையும் உத்தேசச் செலவும்
>
> உங்கள் போனுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அதனால் போனின் முக்கியப் பாகமான போர்டு வேலை செய்யவில்லை. கீழே உள்ள தொகைகள் இப்போதைக்குப் போட்டிருக்கும் கணக்கு. வேலையின்போது தொகை கூடும் என்று தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டு உங்களைக் கேட்போம். நீங்கள் சரி என்று சொன்ன பிறகே தொடர்வோம்.
>
> 1. பரிசோதனைக் கட்டணம்: ______. போனைத் திறந்து பார்ப்பதற்கான கட்டணம் இது. போன் சரியாகாவிட்டாலும் இதைக் கொடுக்க வேண்டும், திரும்பக் கிடைக்காது.
>
> 2. பழைய போர்டைச் சுத்தம் செய்து பழுதுபார்த்தல்: ______. இதில் வெற்றி கிடைத்தால் போனும் வேலை செய்யும், உள்ளே இருக்கும் படங்களும் அப்படியே இருக்கும். வெற்றி கிடைக்கும் என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது. முயற்சியின்போது போர்டின் நிலை இப்போதிருப்பதைவிட மோசமாகவும் வாய்ப்பிருக்கிறது.
>
> 3. டிஸ்ப்ளே: ______. இது தேவையா என்பது போன் ஆன் ஆன பிறகுதான் தெரியும். டிஸ்ப்ளேயை மாற்றுவதால் படங்கள் அழியா.
>
> 4. பேட்டரி: ______. தண்ணீர் பட்ட பேட்டரியைத் தொடர்ந்து பயன்படுத்துவது பாதுகாப்பானதன்று. பேட்டரியை மாற்றுவதால் படங்கள் அழியா.
>
> 5. புதிய போர்டு: ______. பழைய போர்டைச் சரிசெய்ய முடியாவிட்டால் மட்டும். புதிய போர்டு போட்டால், போனில் இருந்த படங்கள், காணொளிகள், போனில் மட்டும் சேமித்த தொடர்பு எண்கள், வாட்ஸ்அப் உரையாடல்கள் எதுவும் புதிய போர்டில் இருக்காது. இது உறுதி. வேறு இடத்தில் சேமித்து வைத்திருந்தவை மட்டுமே உங்களுக்கு மறுபடி கிடைக்கும். உங்களிடம் கேட்காமல் போர்டை மாற்ற மாட்டோம். மாற்றினால் பழைய போர்டை உங்களிடமே திருப்பித் தருவோம்.
>
> நீங்கள் முடிவு செய்ய வேண்டியது
>
> பழைய போர்டு சரியாகாவிட்டால் எது வேண்டும் என்று ஒன்றைக் குறியுங்கள்:
>
> ☐ எனக்குப் போன் வேலை செய்தால் போதும். உள்ளே இருப்பவை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. என்னைக் கேட்டுவிட்டுப் போர்டை மாற்றலாம்.
>
> ☐ எனக்கு உள்ளே இருக்கும் படங்கள்தான் முக்கியம். போர்டை மாற்ற வேண்டாம். போனை அப்படியே திருப்பிக் கொடுங்கள்.
>
> வேலை முடிந்த பிறகு
>
> தண்ணீர் இறங்கிய போன் சரியான பிறகும் மறுபடி பழுதாகக்கூடும். அப்படிப் பழுதானால் அதற்கு வாரண்டி கிடையாது. போனைத் திறந்துவிட்டதால், இனி அது தண்ணீரைத் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது.
>
> மேலே சொல்லியிருக்கும் வேலைகளின்போது படங்களும் மற்றவையும் அழிந்தால் அதற்கு நிறுவனம் ஈடு கொடுக்காது.

இந்த வாசகத்தில் சில இடங்களில் நான் வேண்டுமென்றே செய்திருப்பதைச் சொல்கிறேன். ‘அழியலாம்’ என்ற சொல்லை எச்சரிக்கையில் எங்கும் பயன்படுத்தவில்லை. தமிழில் ‘லாம்’ என்ற முடிவு, நடக்கக்கூடும் என்பதையும் குறிக்கும், அனுமதியையும் குறிக்கும். அதைவிடச் சிக்கல், அது எவ்வளவு வாய்ப்பு என்பதைச் சொல்வதே இல்லை. ‘மழை வரலாம்’ என்று சொல்லிவிட்டுக் குடையில்லாமல் வெளியே போகிறோம். ஐந்தாவது வரியிலும் அதே ‘லாம்’ இருந்தால் அதையும் அப்படித்தான் படிப்பார்கள். ஆகவே உறுதியாக நடப்பதற்கு ‘இது உறுதி’, ஐயமுள்ள இடத்தில் ‘வாய்ப்பிருக்கிறது’, தொடர்பில்லாத இடத்தில் ‘அழியா’ என மூன்றையும் மூன்று விதமாக எழுதியிருக்கிறேன். மூன்றாவது வகையை எழுதாமல் விடுவதுதான் பலர் செய்வது, ஆனால் அது இருந்தால்தான் மற்ற இரண்டும் எடுபடும். டிஸ்ப்ளேக்கும் பேட்டரிக்கும் அஞ்ச வேண்டியதில்லை என்று படித்தவர், போர்டு வரியில் நின்று யோசிப்பார். எல்லா வரிக்கும் ஒரே எச்சரிக்கை என்றால், ஒன்று எல்லாவற்றுக்கும் பயப்படுவார், இல்லையேல் எதற்கும் பயப்படமாட்டார்.

‘தரவு’ என்ற சொல்லையும் வாசகத்தில் விட்டுவிட்டேன். அது நல்ல சொல்தான், ஆனால் தன் பேரக்குழந்தையின் காணொளி ‘தரவு’ என்று அந்த அம்மா நினைத்திருக்கமாட்டார். படங்கள், காணொளிகள், எண்கள், உரையாடல்கள் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். இடம் இருந்தால் அவர் வாயால் சொன்ன ஒன்றையும், ‘திருமணப் படங்கள்’ என்பது போல, கையால் எழுதிச் சேருங்கள். வங்கிச் செயலிகளைப் பயன்படுத்துபவர் என்றால், புதிய போர்டில் அவற்றை மறுபடி பதிவு செய்ய வேண்டியிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். சிம் அட்டை இல்லாமல் இசிம் வைத்திருந்தால், அதையும் சிம் கொடுத்த நிறுவனத்திடம் புதிதாகப் பெற வேண்டிவரும்.

கடைசி வரியிலுள்ள பொறுப்பு பற்றிய நிபந்தனையை மென்மையாக்கவோ விட்டுவிடவோ உங்களுக்கு உரிமையில்லை. மூலத் தாளில் இருப்பதன் பொருள் தமிழிலும் குறையாமல் இருக்க வேண்டும், புதிதாக எந்த வாக்குறுதியும் சேரவும் கூடாது. மேலே நான் எழுதியிருக்கும் ‘உங்களைக் கேட்போம்’, ‘பழைய போர்டைத் திருப்பித் தருவோம்’, ‘போர்டை மாற்ற மாட்டோம்’ ஆகியவை எல்லாம் வாக்குறுதிகள்தான். உங்கள் நிறுவனத்தில் நடைமுறை அப்படி இல்லையென்றால் அவற்றை எழுதக் கூடாது. பழுதான போர்டைக் கொடுத்தால் புதிய போர்டின் விலையில் கழிவு தரும் இடங்களில் பழைய போர்டு திரும்பி வராது. அப்படியானால் அதையே தெளிவாக எழுதுங்கள், ஏனெனில் பழைய போர்டு போய்விட்டால் மீட்கும் கடைசி வழியும் அதோடு போய்விடுகிறது. எழுதி முடித்த பிறகு டெக்னீஷியனிடமும் பொறுப்பாளரிடமும் வாசித்துக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள், ஆங்கிலத் தாளின் நகலையும் சேர்த்தே கொடுங்கள்.

‘ஈடு கொடுக்காது’ என்று எழுதியது, ‘பொறுப்பல்ல’ என்பதைவிட அது என்ன நடக்கும் என்பதை நேரே சொல்வதால்தான். இதைத் தனியே முதலில் எழுதினால் கடை தன் கையைக் கழுவிக்கொள்வதுபோல் தோன்றும். எது எப்போது அழியும், தேர்வு யாருடையது என்பதையெல்லாம் படித்த பிறகு கடைசியில் வந்தால், அதே வரியை மனிதர்கள் நியாயமாகவே ஏற்றுக்கொள்கிறார்கள்.

பாஸ்வேர்டு பற்றியும் அவரிடம் பேச வேண்டும். அணைந்த போன் மறுபடி ஆன் ஆகும்போது முதல்முறை கைரேகையையோ முகத்தையோ ஏற்றுக்கொள்ளாது, பாஸ்வேர்டையோ பேட்டர்னையோதான் கேட்கும். அது இல்லாமல், போன் ஆன் ஆகியும் படங்களை நகலெடுக்க முடியாது. நெடுநாட்களாகக் கைரேகையிலேயே திறந்துகொண்டிருந்தவர் பாஸ்வேர்டை மறந்துபோயிருப்பது உண்டு, அதை வீட்டுக்குப் போய் நிதானமாக நினைவுபடுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். தவறான எண்களைத் திரும்பத் திரும்பப் போட்டால் காத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும், சில போன்களில் அமைப்பைப் பொறுத்து எல்லாமே அழிந்துவிடும் என்பதால் ஊகித்துப் பார்ப்பதற்கு இடமில்லை. எஸ்டிமேட் தாளில் பாஸ்வேர்டை எழுதி வாங்காதீர்கள், அந்தத் தாள் பல கைகளுக்குப் போகும். ஆன் ஆனவுடன் அவரை வரச் சொல்லி அவரே போடுவது சிறந்தது.

கையெழுத்து வாங்குவதற்கு முன் வாசித்துக் காட்டுங்கள், ஆனால் ‘புரிந்ததா அம்மா?’ என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் ‘புரிந்தது’ என்றுதான் சொல்வார்கள். ‘பழைய போர்டு சரியாகாமல் புதிய போர்டு போட்டால் உங்கள் படங்கள் என்ன ஆகும் என்று நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள், நான் சரியாகச் சொன்னேனா என்று பார்த்துக்கொள்கிறேன்’ என்று கேளுங்கள். ‘கொஞ்சம் போகும்போல’ என்றாலோ, ‘நீங்கள் எப்படியாவது எடுத்துத் தருவீர்கள்’ என்றாலோ, செய்தி இன்னும் சேரவில்லை என்று பொருள். பெட்டியையும் சாவியையும் மறுபடி சொல்லுங்கள். ‘எல்லாமே போய்விடும், புதுப் போன் மாதிரி காலியாக இருக்கும்’ என்று அவர் வாயிலிருந்து வந்த பிறகு கட்டத்தில் குறியிடச் சொல்லுங்கள். கையெழுத்தைத் தாளின் அடியில் மட்டும் வாங்காமல், அவர் குறித்த கட்டத்தின் பக்கத்திலும் வாங்குவது நல்லது. அவர் முடிவு செய்ய ஒரு நாள் கேட்டால் கொடுங்கள், ஆனால் அரிப்பு நிற்காது என்பதால் நெடுநாள் தள்ளிப்போடுவது படங்கள் கிடைக்கும் வாய்ப்பைக் குறைக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள். அதுவரை சார்ஜ் போட்டுப் பார்க்கவோ ஆன் செய்து பார்க்கவோ வேண்டாம் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். ஈரம் உள்ள போர்டில் மின்சாரம் பாய்ந்தால் சேதம் பெருகும்.

பாதி வேலையில் நிலைமை மாறும்போது அனுப்பும் செய்திக்கும் இதே கவனம் தேவை. ‘போர்டு டெட், ரீப்ளேஸ் செய்யணும், அமௌண்ட் இவ்வளவு, ஓகேவா?’ என்று ஒரு செய்தி போனால், தொகையை மட்டும் பார்த்துவிட்டு அவருடைய பிள்ளை ‘ஓகே’ என்று பதில் அனுப்பிவிடுவார், நீங்கள் தாளில் செய்த வேலை அனைத்தும் வீணாகும். அந்தச் செய்தி இவ்வாறு இருக்கட்டும்: ‘உங்கள் போனின் பழைய போர்டைச் சரிசெய்ய முயன்றோம், முடியவில்லை. புதிய போர்டு போட ______ ஆகும். அதைப் போட்டால் போனில் இருந்த படங்கள், வாட்ஸ்அப் உரையாடல்கள் எதுவும் அதில் இருக்காது. படங்கள்தான் வேண்டும் என்று நீங்கள் முதலில் குறித்திருந்தீர்கள். அந்த முடிவு மாறவில்லையென்றால் போனை அப்படியே வைத்திருக்கிறோம், வந்து பெற்றுக்கொள்ளலாம். முடிவை மாற்றுவதாக இருந்தால் நேரில் வந்தோ போனில் பேசியோ சொல்லுங்கள். அதுவரை போர்டைத் தொடமாட்டோம்.’ பழைய போர்டு உயிர்பெற்று நகலெடுத்துவிட்டால், நகலெடுத்தாயிற்று என்று செய்தி அனுப்புவதோடு நிறுத்தாமல், அடுத்த வேலையைத் தொடங்குவதற்கு முன் அவரை வரவழைத்து, அவர் முக்கியமென்று சொன்ன படங்களில் சிலவற்றையும் ஓரிரு காணொளிகளையும் அவரே திறந்து, கடைசிவரை ஓடுகின்றனவா என்று பார்க்கச் செய்யுங்கள். பார்த்துவிட்டேன் என்று அவர் தாளில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகு டிஸ்ப்ளே வேலையைத் தொடங்கலாம்.